கனடாவில் 500 டொலர், கல்லடியில் எவ்வளவு?

அக்கா குடும்பம் 19 வருடத்துக்குப் பிறகு டொரொன்டோவை விட்டு ஊருக்குத் திரும்பி வருவதென்று முடிவெடுத்தபோது, முதலில் எனக்கு வந்தது ஒரு கேக் மிக்ஸரின் படம்தான். அக்கா மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்க நினைத்திருந்தா. "தம்பி, இங்க சேல் போட்டிருக்கு, 500 டொலர். கொழும்பில இதே மாதிரி ஒன்று இரண்டு லட்சத்து அறுபத்தையாயிரம் எண்டு சொல்லுகினம். பாதி விலைகூட வராது, வாங்கவா?" என்று குரல் செய்தி போட்டிருந்தா.

அந்த வாரம் ஒரு கனடா டொலர் சுமார் 220 ரூபா. 500 டொலர் என்றால் 1,10,000 ரூபா. அக்கா சொன்னது சரிபோலத்தான் தெரிந்தது. ஆனால் நான் ஆரையம்பதியில் மின்சாதனம் திருத்துகிறவன். வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, இங்கே பாவிக்க முடியாமல் என் மேசைக்கு வரும் பொருட்களை வருடத்துக்கு நாலைந்தாவது பார்க்கிறேன். அதனால் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, நாலு விபரம் கேட்டேன்: வரியோடு சேர்ந்த பில் தொகை, பெட்டியின் நீள அகல உயரம், நிறை, மிக்ஸரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலின் தெளிவான படம்.

பில்லிலேயே முதல் வித்தியாசம் வந்தது. ஒன்டாரியோவில் கடை விலைக்கு மேல் 13 சதவீத விற்பனை வரி உண்டு. 500 டொலர் பொருளுக்கு 65 டொலர். நாட்டை விட்டுப் போகிறவர் விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு கனடாவில் இல்லை. ஆக, கையிலிருந்து போவது 565 டொலர். விலைப் பட்டியலைப் பார்க்காமல் பில்லைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது கப்பல். பெட்டி 45 சென்டிமீற்றர் நீளம், 33 அகலம், 48 உயரம். நிறை 13.5 கிலோ. விமானச் சரக்கில் போட்டால் கொம்பனிகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது கூரியர்க்காரரின் வழக்கம். இதற்கு 14 கிலோவுக்குச் சற்று மேல் வரும். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. அக்கா வீட்டுச் சாமான்களோடு கடலில் போடுவதென்றால் கன அளவுதான் கணக்கு. இந்தப் பெட்டி சுமார் இரண்டரை கன அடி. முகவர் இதற்கு 70 டொலர் சொன்னார், காப்புறுதி 5 டொலர். இந்த 70 டொலர் கொழும்புக் கிடங்கு வரைக்கும்தானா, அல்லது வீட்டு வாசல் வரைக்குமா என்று எழுத்தில் கேட்கச் சொன்னேன். கிடங்கு வரைதான் என்று பதில் வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட லொறிச் செலவு கணக்கில் வராமலே போயிருக்கும்.

இப்போது வரிக்கு அடிப்படையான தொகை கிடைத்துவிட்டது: பொருள் 565, கப்பல் 70, காப்புறுதி 5, மொத்தம் 640 டொலர். ரூபாவில் 1,40,800. சுங்கம் வரி போடுவது கடை விலைக்கு அல்ல, இந்த மூன்றும் சேர்ந்த தொகைக்கு. டொலரை ரூபாவாக்குவதும் வங்கி விலையில் அல்ல. சுங்கத் திணைக்களம் வாராவாரம் தன் மாற்று விகிதத்தை வெளியிடுகிறது. அதைத்தான் எடுக்க வேண்டும்.

வரியைப் பார்க்க முதலில் பொருளின் சுங்கக் குறியீடு தெரிய வேண்டும். வீட்டுப் பாவனை மிக்ஸர், கிரைண்டர் எல்லாம் 8509.40 என்ற தலைப்பில் வருகின்றன. அந்த எண்ணை வைத்துக்கொண்டு சுங்கத்தின் கட்டணப் பட்டியலில் அந்த வரிசையைத் தேடி, குறுக்காக ஒவ்வொரு பத்தியாக வாசிக்க வேண்டும். இங்கேதான் பலரும் பிழைவிடுகிறார்கள். முதல் பத்தியில் இறக்குமதித் தீர்வை 20 சதவீதம் என்று இருந்தால், ஐந்தில் ஒரு பங்குதானே என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துப் பத்திகளும் நம் பையிலிருந்துதான் போகும்.

அக்காவுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இப்படி. தீர்வை 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 28,160 ரூபா. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு 10 சதவீதம், அது 14,080. பிறகு வற் வரி வருகிறது. அது 1,40,800 ரூபாவுக்கு அல்ல. அந்தத் தொகையை முதலில் 10 சதவீதம் உயர்த்துகிறார்கள். 1,54,880 ஆகிறது. அதன்மேல் தீர்வையையும் துறைமுக அறவீட்டையும் கூட்டுகிறார்கள். 1,97,120 ஆகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம். ஆகவே 35,482 ரூபா. அதே 1,97,120 ரூபாவுக்கு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு 2.5 சதவீதம் வைத்தேன், 4,928. நாலையும் கூட்டினால் 82,650 ரூபா. பெயருக்கு 20 சதவீதம் என்று தொடங்கியது கடைசியில் 59 சதவீதத்தில் நிற்கிறது, ஏனென்றால் வரிக்கும் வரி போடப்படுகிறது. அந்த வரிசையில் செஸ் என்ற இன்னொரு இறக்குமதி வரியின் பத்தியிலும் ஓர் எண் இருந்தால் அந்தத் தொகை தனியாகவும் கூடும், வற்றின் அடிப்படையையும் உயர்த்தும். விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் என் எண்களைப் பிரதி பண்ண வேண்டாம், கணக்கின் ஒழுங்கை வைத்துக்கொண்டு அன்றைய பட்டியலின் எண்களைப் போடுங்கள்.

அக்கா உடனே கேட்டா, "ஊருக்குத் திரும்பி வாறவைக்குச் சலுகை இருக்குத்தானே தம்பி?" இருக்கிறது. வெளிநாட்டில் எவ்வளவு காலம் இருந்தோம் என்பதைப் பொறுத்து, கடவுச்சீட்டைப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட பெறுமதி வரை தீர்வையில்லாமல் விடுகிறார்கள். ஆனால் அந்தச் சலுகை ஒரு தொகை. அடியில்லாத பை அல்ல. மிக்ஸரை அதற்குள் வைத்தால் வேறொரு பொருள் வெளியே போகும். எனவே மிக்ஸருக்கு வரி இல்லை என்று எழுதுவது பிழை. மிக்ஸர் அந்தச் சலுகையில் 640 டொலரைச் சாப்பிடுகிறது என்று எழுதுவதுதான் சரி. அந்த 640 டொலருக்கு வேறு எதைக் கொண்டுவந்தால் கூடுதல் நன்மை என்று பார்க்க வேண்டும். இதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முடிவை மாற்றியதே அதுதான்.

இனி என் தொழிலுக்குள் வருகிறேன். லேபல் படத்தில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 500 வொட் என்று இருந்தது. நமக்கு வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பல வருடத்துக்கு முன் அத்தான் விடுமுறையில் வந்தபோது ஒரு டோஸ்டர் கொண்டுவந்தார். பிளக்கின் கால் பொருந்தவில்லை என்று ஊரில் ஒரு அடப்டர் வாங்கிப் போட்டு, நான் கடையில் இருந்த நேரம் அம்மா பாணை வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டா. அடப்டர் காலின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சூடாகும் கம்பியுள்ள பொருளுக்கு வோல்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு நாலு மடங்கு ஆகும். 120க்குச் செய்ததை 230இல் போட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல் வருகிறது. அம்மாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி வெள்ளையாக எரிந்து அறுந்தது, சுவரில் கரி படிந்தது. அன்றிலிருந்து லேபல் பார்க்காமல் எதற்கும் ஓம் சொல்வதில்லை.

மிக்ஸருக்கு 230ஐ 120 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 500 வொட் என்றால் 500 வொட் ட்ரான்ஸ்போமர் போதாது. மா இறுகிய நேரத்தில் மோட்டர் ஒரு கணம் பல மடங்கு கரண்ட் இழுக்கும். குறைந்தது 1,000 வேண்டும். அதுவும் பெட்டியில் 1,000 என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்க முடியாது, சிலதில் அது சில நிமிடத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. கையில் தூக்கிப் பார்த்தால் இரும்பும் செம்பும் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது கனத்திலேயே ஓரளவு தெரியும். அப்புறம் சுமையோடு அரை மணித்தியாலம் ஓடவிட்டு, மீற்றரில் வெளிவரும் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். சுமை ஏறியதும் அது நன்றாக விழுந்தாலோ, பெட்டியில் கை வைக்க முடியாமல் சுட்டாலோ அது வேண்டாம்.

இன்னொரு விடயத்தையும் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலானவை ஒரே சுற்றுக் கம்பியின் நடுவிலிருந்து 120ஐ எடுக்கும் வகை. அந்தச் சுற்றின் கீழ்ப்பாதி எப்போதாவது அறுந்தால், வெளியே 120 வருவதற்குப் பதிலாக முழு 230உம் மிக்ஸருக்குப் போய்விடும். பியூஸ் அதைத் தடுக்காது. நல்ல தயாரிப்பில் அது அரிது என்றாலும், சமையலறையில் ஈரக் கையோடு நிற்கிற இடத்தில் நான் அதை மறக்க மாட்டேன். எர்த் கம்பி ட்ரான்ஸ்போமரின் உள்ளே போய் மறுபக்கம் வரை தொடர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டை இருப்பது எர்த் இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல, நான் திறந்து பார்த்த சிலவற்றில் மூன்றாவது ஓட்டை சும்மாதான் இருந்தது.

நம்பிக்கையான ஒன்றுக்கு எனக்குக் கிடைத்த விலை 22,000 ரூபா. கிளியரிங், கிடங்குக் கட்டணம், லொறியில் இந்தப் பெட்டியின் பங்கு என்று 9,000 வைத்தேன். எல்லாம் சேர்த்து:

பொருள், கப்பல், காப்புறுதி 1,40,800
வரிகள் 82,650
கிடங்கும் லொறியும் 9,000
ட்ரான்ஸ்போமர் 22,000
மொத்தம் 2,54,450 ரூபா

கொழும்பில் 2,65,000. ஆக மிச்சம் 10,550 ரூபா மட்டுமே. அந்தப் பத்தாயிரத்துக்காக ஒரு கனத்த பெட்டியைச் சமையலறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் பாவித்து முடிந்ததும் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸர் ஓடாத நேரத்திலும் ட்ரான்ஸ்போமர் சும்மா கரண்ட் குடிக்கும். பழுதானால் 120 வோல்ட் மோட்டரும் மின்சுற்றுப் பலகையும் இங்கே தேடித் திரிய வேண்டும். உத்தரவாத அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், கனடாவுக்குள் பாவித்தால் மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

இது பாவித்துப் பழக்கப்பட்ட பழைய மிக்ஸராக இருந்து, கையில் ஏற்கனவே இருக்கிறது என்றால் கணக்கு வேறு. அதற்கு 565 டொலர் புதிதாகப் போவதில்லை. சுங்கமும் பாவித்த பொருளுக்குப் புதிய விலையை வைக்காது, ஆனால் எவ்வளவு வைப்பது என்பது அதிகாரியின் முடிவு. பழைய பில் இருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

மிக்ஸர் பேச்சு முடிவதற்குள் அக்கா துணி காயவைக்கும் மெஷினின் படத்தை அனுப்பினா. மாரி காலத்தில் மட்டக்களப்பில் துணி காய்வது எவ்வளவு பாடு என்று அவவுக்கு மறக்கவில்லை. லேபலில் 120/240 வோல்ட் என்று இருந்தது. "இது இரண்டிலும் வேலை செய்யும், ட்ரான்ஸ்போமர் தேவையில்லை" என்று கீழே எழுதியிருந்தா. கப்பலில் போடுவதற்கு முன் இது என் கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

லப்டொப் சார்ஜரில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். நடுவில் ஒரு கோடு, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை. அதன் அர்த்தம், இதற்குள் எந்த வோல்ட் கொடுத்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் என்பது. அத்தான் இரவில் மூச்சுக்காகப் போட்டுக்கொள்ளும் மெஷினிலும் இதே எழுத்துதான் இருந்தது. அதற்கு ஒரு பிளக் மாற்றினால் போதும். துணி மெஷினில் இருந்தது சாய்ந்த கோடு, 120க்கும் 240க்கும் நடுவில். அதன் கதை வேறு. கனடா வீட்டுக்குள் இரண்டு லைவ் கம்பிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120. இரண்டு கம்பிக்கும் இடையில் 240. துணி மெஷின் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கிறது: சூடாக்கும் பகுதி 240இல், உருளையைச் சுற்றும் மோட்டரும் பலகையும் 120இல். நமக்கு ஒரு லைவ் கம்பி, ஒரு நியூட்ரல், நடுவில் 230 மட்டும்தான். 120 எங்கிருந்தும் வராது. தெரியாதவர் கம்பியை எப்படியாவது பொருத்தினால், 120க்குச் செய்த மோட்டருக்கு 230 போகும் வழி திறந்துவிடும்.

வோல்ட்டைச் சரி செய்தாலும் ஹேர்ட்ஸ் அப்படியே நிற்கும். ட்ரான்ஸ்போமர் 60ஐத் தராது, உள்ளே போன 50தான் வெளியே வரும். கேக் மிக்ஸர் போல கார்பன் பிரஷ் வைத்துச் சுற்றும் மோட்டர்களுக்கு இது பெரிய குறையில்லை. குளிர்சாதனப் பெட்டி, பிரீசர், பழைய பாணித் துணி மெஷின் ஆகியவற்றில் பிரஷ் இல்லாத மோட்டர் இருக்கும். அது ஹேர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். 60க்குச் செய்ததை 50இல் விட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், அதே வோல்ட்டில் மோட்டரின் இரும்பு மையம் காந்தத்தால் அளவுக்கு மீறி நிறைந்து கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். வெளியே ஒன்றும் தெரியாது. வழக்கத்தைவிட உரத்த ஹும் சத்தம், கொம்பிரசரின் வெளிப்புறத்தைத் தொட்டால் தாங்க முடியாத சூடு, அடிக்கடி தானே நின்று நின்று ஓடுவது என்று இருந்தால் அதுதான். மட்டக்களப்பு வெயிலில் அப்படிப்பட்ட பிரீசரை நம்பி மீன் வைக்க முடியாது. அக்காவின் பிரீசரையும் துணி மெஷினையும் அங்கேயே விற்கச் சொன்னேன்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். கட்டாரும் டுபாயும் 50 ஹேர்ட்ஸ், பிளக்கும் நம்முடைய 13 அம்பியர் சதுரக் கால்தான், அங்கிருந்து வருவது பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். சவூதியில் 60. வோல்ட் ஒன்றாக இருக்கிறதே என்று சவூதியிலிருந்து பிரீசர் கொண்டுவருகிறவர் ஹேர்ட்ஸை விட்டுவிடுகிறார். ஒரே பெயர், ஒரே தோற்றம் உள்ள மிக்ஸர் கனடாவில் 120ஆகவும் கட்டாரில் 240ஆகவும் விற்கப்படும். மொடல் எண்ணின் கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம் இருக்கும். ஆகவே இணையத்தில் பெயரைப் பார்த்து ஒப்பிடாமல், லேபலில் உள்ள முழு எண்ணையும் பார்க்க வேண்டும்.

சரி, சலுகைத் தொகைக்கு வருகிறேன். அத்தான் மரவேலைக்காரர். அவரிடம் பற்றரியில் ஓடும் துளையிடும் கருவி, வாள், தேய்க்கும் மெஷின் என்று ஒரு தொகுதி இருந்தது. கனடாக் கருவிகள் 120 என்பதால் விட்டுவிட்டு வரலாம் என்று அவர் நினைத்திருந்தார். படங்களைப் பார்த்தேன். கருவிக்குச் சுவர்க் கரண்ட் தேவையே இல்லை, பற்றரியின் 18 வோல்ட் எந்த நாட்டிலும் 18 வோல்ட்தான். 120 வோல்ட் என்று இருந்தது சார்ஜரில் மட்டும். அதே பற்றரிக்கு 230 வோல்ட் சார்ஜரை இங்கே வாங்கினால் முழுத் தொகுதியும் உயிரோடு இருக்கும். பெட்டியில் சிறிய இடம், இங்கே அதே தரத்தில் வாங்கப் போனால் மிக்ஸரைவிடப் பல மடங்கு காசு, ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. சலுகைக்குள் வைக்க வேண்டியது இதுதான் என்று சொன்னேன். அத்தான் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "அப்ப விக்கப் போட்ட விளம்பரத்தை எடுத்துவிடுறன்" என்றார். பற்றரிகளைக் கடலில் போட முகவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்கச் சொன்னேன். கழற்றி, தனியே பொதி செய்து, பட்டியலில் எழுதினால் எடுப்போம் என்று பதில் வந்தது.

மிக்ஸரை அக்கா வாங்கவில்லை. வந்து சேர்ந்த மாதத்திலேயே கொழும்பிலிருந்து 230 வோல்ட் ஒன்றை உத்தரவாதத்தோடு எடுத்துவிட்டோம்.

கடைசி வாரத்தில் பெட்டி கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் தலைகீழாகப் பிடித்து வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தா. நான் கடையில் வேலைக்கு நடுவில் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். கைக் கலவை மெஷின், 120 வோல்ட், 250 வொட்: அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கோ. தையல் மெஷின், மிதியிலும் 120: வேண்டாம். மகளின் கீபோர்ட்: அதன் அடப்டரைத் திருப்பிப் பிடியுங்கோ, எழுத்துத் தெரியவில்லை. இரண்டாவது படத்தில் தெரிந்தது. 100–240, நடுவில் கோடு. பெட்டியில் போடுங்கோ அக்கா என்று எழுதினேன்.